கேட் வால்வைத் திருகி வைப்பதா, தொட்டி கட்டுவதா, அழுத்தம் குறைக்கும் பிஆர்வி போடுவதா?

படைப்புக்காகப் பங்காளிகள் எல்லாரும் வந்திருந்த இரவு அது. மணி இரண்டு இருக்கும். இரண்டாம் கட்டில் படுத்திருந்த ஆத்தாதான் முதலில் கேட்டிருக்கிறார்கள், "தம்பி, பாம்பு சீறுற மாதிரி கேக்குதுப்பா" என்று எழுப்பினார்கள். போய்ப் பார்த்தால் வாஷ் பேசினுக்கு அடியில் இருக்கும் கனெக்ஷன் பைப், பித்தளை நட்டுக்கு ஒட்டிய கழுத்துப் பகுதியில் வெடித்து, தண்ணீர் எதிர்ச் சுவரில் பீய்ச்சி அடித்துக்கொண்டிருந்தது. ஆத்தங்குடிக் கல் தளம் முழுக்கத் தண்ணீர். எட்டு மாதத்தில் இது மூன்றாவது பைப். முதலில் ஹெல்த் ஃபாசெட் ஹோஸ், அப்புறம் வாஷிங் மெஷினுக்குப் போகும் ஹோஸ், இப்போது இது. மூன்றுமே இரவு பத்து மணிக்கு மேல்தான் போயிருக்கின்றன.

அன்றைக்கு வீட்டில் ஆள் இருந்ததால் பிழைத்தோம். வருடத்தில் பாதி நாள் பூட்டிக் கிடக்கும் வீடு. யாரும் இல்லாத வாரத்தில் இது நடந்திருந்தால் சுண்ணாம்புச் சுவர் அடியில் ஊறி உப்புப் பூத்து, தேக்கு நிலைகள் உப்பி, என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே எனக்குப் பயமாக இருக்கிறது. அதனால்தான் இதை அரைகுறையாக விடாமல், தெருத் தண்ணீரின் அழுத்தத்தைக் குறைக்க இருக்கும் வழிகள் ஒவ்வொன்றையும் சோதித்துப் பார்த்து முடிவெடுத்தேன். இதே தொல்லை உள்ளவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் அளக்க வேண்டும். எங்கள் தெருவில் எல்லாரும் "பிரஷர் ஜாஸ்தி" என்று சொல்வார்களே தவிர எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. 0 முதல் 10 கிலோ வரை காட்டும் ஒரு பிரஷர் கேஜ், அதைக் குழாய் மூக்கில் மாட்ட ஒரு அடாப்டர், இவ்வளவுதான் தேவை. (பிளம்பர்கள் கிலோ என்பது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம். 10 மீட்டர் உயரத் தண்ணீர் ஏறக்குறைய 1 கிலோ கொடுக்கும்.) கேஜை மாட்டி, வீட்டில் உள்ள மற்ற குழாய்களை எல்லாம் மூடிவிட்டு, இரவும் பகலும் பார்க்க வேண்டும். எங்களுக்குப் பகலில் 4 கிலோ, ஊர்த் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் நிற்கும் நேரத்தில் ஒன்றரை கிலோ, இரவு பதினொரு மணிக்கு மேல் ஏழரை கிலோ. காரணம் புரிந்துவிட்டது. எங்கள் இணைப்பு ஊர்த் தொட்டியிலிருந்து இறங்கும் குழாயில் இல்லை, மோட்டார் அந்தத் தொட்டிக்கு ஏற்றும் குழாயிலேயே இருக்கிறது. இரவில் மற்ற வீடுகள் குழாயை மூடிவிட்டால் மோட்டாரின் தள்ளல் முழுவதும் எங்களைப் போன்ற அருகிலிருக்கும் வீடுகள் மீது வந்து நிற்கும். வீட்டுக் குழாய்களுக்கு 2 முதல் 3 கிலோ இருந்தால் தாராளம். ஐந்தரை கிலோவைத் தாண்டினால் குறைப்பான் போட வேண்டும் என்று பல நாட்டுக் குழாய் விதிகளே சொல்கின்றன. நாம் இங்கே வாங்கும் கெய்சர்கள் பல 8 கிலோ வரைதான் தாங்கும். அதன் விளிம்பில்தான் நாங்கள் ஒவ்வொரு இரவும் தூங்கியிருக்கிறோம்.

உங்கள் கேஜ் எந்த நேரத்திலும் 4 கிலோவைத் தாண்டவில்லை, ஆனாலும் குழாய் சத்தம் போடுகிறது என்றால் நிதானியுங்கள். குழாயை மூடும் நொடியில் "டங்" என்று ஒரே அடி கேட்டால் அது ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் திடீரென நிற்பதால் வரும் அடி. பாதி திறந்திருக்கும்போது தொடர்ந்து "டகடகடக" என்று அடித்தால் பெரும்பாலும் பழைய பிப் காக்கின் உள்ளே வாஷர் தளர்ந்து ஆடுகிறது. வாஷரை மாற்றினால் தீர்ந்துவிடும், அதற்குப் போய் வால்வு வாங்க வேண்டாம்.

சரி, வழிகளுக்கு வருவோம். எங்கள் பிளம்பர் அண்ணன் முதலில் சொன்னது செலவே இல்லாத வழி. "மெயின் கேட் வால்வை முக்கால்வாசி மூடி வச்சிருங்க, பிரஷர் குறைஞ்சிரும்." ஊரில் பத்துக்கு எட்டு வீட்டில் இதைத்தான் செய்கிறார்கள், நானும் நம்பினேன். ஆனால் கேஜ் கையில் இருந்ததால் அன்றிரவே இருவரும் நின்று பார்த்தோம். வால்வை அரைச் சுற்று மட்டும் திறந்து வைத்து, கேஜுக்குப் பக்கத்துக் குழாயைத் திறந்தோம். முள் ஒரு கிலோவுக்கு இறங்கியது. "பாத்தீங்களா" என்றார். இப்போது அந்தக் குழாயை மூடச் சொன்னேன். முள் மெல்ல நகர்ந்து இரண்டு, நாலு, ஆறு என்று ஏறி, பத்து நொடிக்குள் மறுபடியும் ஏழரையில் போய் நின்றது. அண்ணன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

ஏன் இப்படி என்றால், பாதி மூடிய வால்வு தண்ணீர் ஓடும்போது மட்டும்தான் அழுத்தத்தைத் தின்னும். ஓட்டம் நின்றுவிட்டால் தின்ன ஒன்றுமில்லை, சின்ன இடுக்கு வழியாகவே தெரு அழுத்தம் முழுவதும் உள்ளே வந்து நிறைந்துவிடும். கனெக்ஷன் பைப் வெடிப்பது நாம் குளிக்கும்போது இல்லை, எல்லாக் குழாயும் மூடிக் கிடக்கும் நடுராத்திரியில்தான். அதாவது எந்த நேரத்துக்குப் பாதுகாப்பு வேண்டுமோ அந்த நேரத்தில் இந்த வழி ஒன்றுமே செய்யாது. சத்தத்தை ஓரளவு குறைக்கும் என்பது உண்மை, ஓட்டம் மெதுவாவதால் நிறுத்தும்போது அடியும் குறையும். ஆனால் கேட் வால்வைப் பாதியில் விட்டால் அதன் உள்தகடு ஓட்டத்தில் அதிர்ந்து தேய்ந்து, பிறகு அவசரத்துக்கு முழுசாக மூடாமல் போகும். எனக்கு இது வேண்டவே வேண்டாம் என்று ஆகிவிட்டது.

இரண்டாவது வழி, தொட்டி. தெருத் தண்ணீரை நேரே வீட்டுக் குழாய்களுக்கு விடாமல், மிதவை வால்வு வைத்து ஒரு தொட்டியில் விழவிட்டு, அங்கிருந்து இறக்கினால் தெரு அழுத்தம் தொட்டியோடு முடிந்துவிடும். கொள்கையளவில் இதைவிட நல்ல வழி இல்லை. பழுதாகி உள்ளே அழுத்தத்தை விட்டுவிட இதில் எதுவுமே இல்லை. புது கான்கிரீட் வீடாக இருந்தால், அதிலும் ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு மணி நேரம் தண்ணீர் வரும் தெருவாக இருந்தால், யோசிக்காமல் இதையே செய்யுங்கள். உங்களுக்குச் சேமிக்கத் தொட்டி எப்படியும் வேண்டும்.

எங்கள் வீட்டுக்கு இது ஏன் ஒத்துவரவில்லை என்பதைச் சொல்ல வேண்டும், செட்டிநாட்டுப் பழைய வீடு வைத்திருக்கும் பலருக்கும் இதே நிலைதான். ஆயிரம் லிட்டர் தொட்டி நிறைந்தால் தண்ணீர் மட்டும் ஒரு டன். வளவைச் சுற்றி நாட்டு ஓட்டுச் சாய்ப்பு, மேலே இருக்கும் சின்ன மெத்தையும் மர உத்தரத்தின் மீது செங்கலும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டியது. எங்கள் ஐயா காலத்து உத்தரம், அதற்குள் கரையான் எவ்வளவு போயிருக்கிறது என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. அதன் தலையில் ஒரு டன்னை ஏற்ற எனக்கு மனசு வரவில்லை. பின்கட்டில் இரும்பு ஸ்டாண்டு அடித்து 6 மீட்டர் உயரத்தில் வைக்கலாம் என்றால், கீழ்த்தளக் குழாய்க்கு அரைக் கிலோ அழுத்தம்தான் தேறும். வாளி நிறையும், ஷவரில் தூறல்தான் விழும். அதைச் சரிசெய்ய ஒரு பிரஷர் பம்பு, பம்புக்குக் கரண்டு, பூட்டிக் கிடக்கும் வீட்டில் அதற்கு ஒரு காவல். சிக்கல் ஒன்று போய் மூன்று வருகிறது.

மூன்றாவது, அடியைத் தாங்கும் ஷாக் அரெஸ்டர். உள்ளே காற்றும் பிஸ்டனும் உள்ள சின்னக் குப்பி, குழாய் "டங்" அடிக்கும்போது அந்த அடியை வாங்கிக்கொள்ளும். நல்ல பொருள்தான், ஆனால் ஓட்டம் இல்லாதபோது நிற்கும் அழுத்தத்தை அரை கிலோகூடக் குறைக்காது. சத்தம் மட்டும்தான் குறை என்றால் போதும். ஹோஸ் வெடிக்கிறது என்றால் போதாது.

ஆக எங்களுக்கு மிஞ்சியது பிரஷர் ரிடியூசிங் வால்வு, பிஆர்வி. இதன் உள்ளே ஒரு ஸ்பிரிங் வழியைத் திறந்து வைக்கப் பார்க்கும், வெளியேறும் பக்கத்துத் தண்ணீர் ஒரு ரப்பர்த் தகட்டை அழுத்தி வழியை மூடப் பார்க்கும். வீட்டுப் பக்கம் 3 கிலோ ஆனவுடன் ஸ்பிரிங் தோற்று வழி அடைபடும். யாராவது குழாயைத் திறந்து அழுத்தம் இறங்கினால் மறுபடி திறக்கும். பாதி மூடிய கேட் வால்வுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். ஓட்டம் இல்லாத நேரத்திலும் இது 3 கிலோவில் நிறுத்திப் பிடிக்கும். தெருவில் மோட்டார் நின்று அழுத்தம் ஒன்றரைக்கு இறங்கினால் வால்வு முழுசாகத் திறந்துகொண்டு வருவதை அப்படியே விட்டுவிடும்.

கடையில் ஒரு ஏமாற்றம் காத்திருக்கிறது, கவனம். நான் "பிஆர்வி குடுங்க" என்று கேட்டதற்கு முதல் கடையில் எடுத்துக் கொடுத்தது பிரஷர் ரிலீஃப் வால்வு. இரண்டுக்கும் அதே மூன்றெழுத்து. ரிலீஃப் வால்வு என்பது அழுத்தம் அளவு மீறினால் தண்ணீரை வெளியே கொட்டிவிடும் பொருள். அதைத் தெருக் குழாயில் போட்டால் இரவு முழுக்கக் கொட்டிக்கொண்டே இருக்கும். ரிடியூசிங் வால்வில் உள்ளே வரும் வாய், வெளியே போகும் வாய் இரண்டும் நேர்கோட்டில் இருக்கும், உடம்பில் ஓட்டத் திசைக்கு அம்புக்குறி வார்த்திருக்கும், தலையில் சரிசெய்யும் திருகு இருக்கும், பக்கத்தில் கேஜ் மாட்ட ஒரு சின்னத் துளையும் இருக்கும். அதைப் பார்த்து வாங்குங்கள். சரிசெய்யத் திருகு இல்லாத, ஒரே அளவில் அடைத்த மாதிரி வேண்டாம். அளவிலும் ஆசைப்பட வேண்டாம். எங்கள் மெயின் குழாய் ஒரு அங்குலம், ஆனால் மூன்று குளியலறை வீட்டுக்கு முக்கால் அங்குல வால்வே போதும். தேவைக்கு மேல் பெரிய வால்வு, ஒரே ஒரு குழாய் மெல்லத் திறந்திருக்கும்போது சரியாக நிற்கத் தெரியாமல் திறந்து மூடித் திறந்து மூடி அதுவே சத்தம் போடும்.

எங்கே போடுவது என்பதில் எனக்கும் பிளம்பர் அண்ணனுக்கும் ஒரு விவாதம். வெடிப்பது குளியலறையில்தானே, கெய்சருக்குப் போகும் கிளையில் மட்டும் சின்னதாகப் போட்டால் செலவு குறையும் என்றார். அதில் ஒரு வம்பு இருக்கிறது. சுடுதண்ணீர்ப் பக்கம் 3 கிலோ, பச்சைத்தண்ணீர்ப் பக்கம் ஏழரை கிலோ என்று ஷவர் மிக்சரில் இரண்டும் சந்தித்தால், பச்சைத்தண்ணீர் சுடுதண்ணீரை அமுக்கி ஷவரில் வெந்நீரே வராது. அதனால் வீட்டுக்குள் நுழையும் இடத்திலேயே ஒன்றாகப் போட்டோம், தோட்டத்துக் குழாய் உட்பட எல்லாம் அதற்குப் பின்னால்.

பொருத்திய வரிசை இது. தெருவிலிருந்து வந்தால் முதலில் ஒரு பால் வால்வு, அடுத்து மண்ணை வடிக்கும் ஒய் ஸ்ட்ரெய்னர், அடுத்து பிஆர்வி, அதன் மீது கேஜ், அதற்கப்புறம் இன்னொரு பால் வால்வு. பிஆர்வியின் இரண்டு பக்கமும் யூனியன், நாளைக்குக் கழற்றக் குழாயை அறுக்கக் கூடாது. வால்வை வைப்பதற்கு முன்னால் தெருக் குழாயைத் திறந்து ஒரு வாளி தண்ணீரை வெளியே விட்டோம், துருவும் செம்மண்ணும் கலந்து தேநீர் நிறத்தில் வந்தது. அது நேரே வால்வுக்குள் போயிருந்தால் முதல் நாளே அதன் ரப்பர் உட்கார்ந்து வழியை அடைக்கும் இருக்கையில் மணல் சிக்கியிருக்கும்.

திருகு வைக்கும் முறையில்தான் பலர் தவறுகிறார்கள். வீட்டில் எல்லாக் குழாயையும் மூடி, ஓட்டம் இல்லாதபோதுதான் அளவை வைக்க வேண்டும். கூட்டுவதற்கு வலப்பக்கம் திருகினால் முள் உடனே ஏறும். குறைப்பதற்கு இடப்பக்கம் திருகினால் முள் அசையாது, ஏனென்றால் உள்ளே அடைபட்ட தண்ணீர் எங்கும் போகவில்லை. ஒரு குழாயைச் சில நொடி திறந்து மூடினால்தான் புதிய அளவு தெரியும். இது தெரியாமல் "திருகினேன், குறையவில்லை" என்று திருகைக் கடைசி வரை கழற்றியவர்கள் உண்டு. நாங்கள் 3 கிலோவில் வைத்து லாக் நட்டை இறுக்கினோம். குழாய் ஒன்றைத் திறந்தால் 2.6க்கு இறங்கும், மூடினால் 3க்குத் திரும்பும். அந்த இறக்கம் இயல்பானது, பழுதல்ல.

என்ன மாறியது? இரவு நேரத்தில் 15 லிட்டர் வாளி முன்பு 55 நொடியில் நிறைந்தது, இப்போது ஒன்றரை நிமிடம் ஆகிறது. அழுத்தம் பாதிக்கும் கீழே போயும் ஓட்டம் அந்த அளவுக்குக் குறையாததற்குக் காரணம், ஓட்டம் அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. ஆத்தாவுக்கு அந்த அரை நிமிடம் உறுத்தவே இல்லை, பாத்திரம் கழுவும்போது சேலை நனையாமல் இருக்கிறதே என்றுதான் சொன்னார்கள். குழாய் அடிப்பதும் குறைந்தது. எங்கள் வீட்டுப் பழைய குழாய்கள் ஜிஐ இரும்பு. நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஓடும் தண்ணீர் இரும்புக் குழாயில் கண்ணிமைக்கும் நேரத்தில் நின்றால், இருக்கும் அழுத்தத்துக்கு மேல் ஏறக்குறைய 13 கிலோ அடி விழும். பிளாஸ்டிக் குழாய் கொஞ்சம் விரிந்து கொடுப்பதால் அங்கே அது 3, 4 கிலோ அளவில்தான். கையால் மூடும்போது அவ்வளவு வேகம் இருக்காது என்பதால் அடியும் குறைவு. பிஆர்வி ஓட்டத்தின் வேகத்தையும் குறைத்து, அடி விழும் அடித்தளத்தையும் ஏழரையிலிருந்து மூன்றுக்கு இறக்கிவிடுகிறது. வாஷிங் மெஷின் மட்டும் இன்னும் "டக்" என்கிறது. அதன் மின் வால்வு சட்டென்று அடைப்பதால் அந்த ஒரு இடத்துக்கு ஷாக் அரெஸ்டர் வாங்கி மாட்டினோம்.

ஆனால் பிஆர்வி போட்ட இரண்டாம் நாளே ஒன்று தெரிந்தது. காலையில் கெய்சர் போட்டால் அதன் சேஃப்டி வால்விலிருந்து சொட்டுகிறது. கேஜைப் பார்த்தால் 3 இல்லை, ஏறக்குறைய 8 காட்டுகிறது. பிஆர்வி பழுது என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை. 25 லிட்டர் தண்ணீரை 60 டிகிரிக்குக் காய்ச்சினால் 300 மில்லிக்கு மேல் அது பெருக்கும். முன்பு அந்தப் பெருக்கம் தெருக் குழாய்க்கே திரும்பிப் போனது, இப்போது பிஆர்வி வழியை அடைத்துக்கொண்டதால் போக இடமில்லை. தீர்வு ஒரு சின்ன எக்ஸ்பான்ஷன் டேங்க், உள்ளே ரப்பர்ப் பையும் காற்றும் உள்ள 2 லிட்டர் உருண்டை, கெய்சருக்குப் போகும் பச்சைத்தண்ணீர்க் குழாயில். அதன் காற்றை, தண்ணீர் இணைக்கும் முன்பே, பிஆர்வி அளவான 3 கிலோவுக்கு சைக்கிள் பம்பால் வைக்க வேண்டும். சொட்டுகிறதே என்று சேஃப்டி வால்வை யாரும் அடைத்துவிடாதீர்கள், கெய்சர் வெடிக்காமல் இருப்பது அதனால்தான்.

உண்மையாகவே பிஆர்வி கசிகிறதா, கெய்சர் பெருக்கமா என்று பிரித்துப் பார்ப்பதும் எளிது. கெய்சரை அணைத்து ஆறவிட்டு, இரவில் ஒரு குழாயைத் திறந்து மூடிவிட்டு, கேஜைப் பதினைந்து நிமிடம் பாருங்கள். 3லேயே நின்றால் வால்வு நன்றாக இருக்கிறது. மெல்ல மெல்ல ஏறித் தெரு அழுத்தத்தில் போய் நின்றால் இருக்கையில் மண் சிக்கியிருக்கிறது அல்லது ரப்பர் தேய்ந்துவிட்டது. கழற்றிக் கழுவினால் பல நேரம் சரியாகும், இல்லையென்றால் உள்ளிருக்கும் பாகத்தை மட்டும் மாற்றலாம். தொட்டிக்கு இல்லாத, பிஆர்விக்கு மட்டும் உள்ள குறை இதுதான். அது பழுதாகும்போது சத்தம் போடாது, கேஜ் பார்க்காதவருக்குத் தெரியவே தெரியாது. அதனால் கேஜ் இல்லாமல் பிஆர்வி போடுவதில் அர்த்தமில்லை என்பது என் முடிவு. ஒய் ஸ்ட்ரெய்னரையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழற்றுகிறோம். முதல் முறை அதன் வலையில் விரல் நகம் கனத்துக்குச் செம்மண் அப்பியிருந்தது.

உங்கள் தெரு அழுத்தம் 9, 10 கிலோ என்றால் ஒரே வால்வில் 2க்கு இறக்காதீர்கள். உள்ளே வருவதற்கும் வெளியே போவதற்கும் மூன்று மடங்குக்கு மேல் இடைவெளி இருந்தால் இருக்கையில் தண்ணீர் கொதிப்பது போல் குமிழியிட்டு உலோகத்தையே அரித்துவிடும். இரண்டு வால்வை அடுத்தடுத்து வைத்து, முதலாவதில் 5க்கும் இரண்டாவதில் 2க்கும் இறக்க வேண்டும். ஏற்கெனவே மேல்நிலைத் தொட்டி உள்ள வீட்டில் முழு வீட்டுக்கும் பிஆர்வி தேவையே இல்லை. தெருவிலிருந்து தொட்டிக்கு ஏறும் குழாயில், மிதவை வால்வு அடிக்கடி பழுதாகிறது என்றால் மட்டும், அங்கே ஒன்று போதும்.

எங்களுக்கு வால்வு, ஸ்ட்ரெய்னர், கேஜ், சின்ன டேங்க், கூலி எல்லாம் சேர்ந்து சில ஆயிரம் ரூபாயில் முடிந்தது, ஸ்டாண்டும் தொட்டியும் பம்பும் அதைப் போலப் பல மடங்கு வந்திருக்கும். பழைய கனெக்ஷன் பைப்புகளையும் மொத்தமாக மாற்றினோம். இரண்டு வருடம் ஏழரை கிலோவில் இழுபட்ட ரப்பர் 3 கிலோவிலும் போகலாம், அதை நம்ப முடியாது. ஊருக்குக் கிளம்பும்போது பிஆர்விக்கு முன்னால் இருக்கும் பால் வால்வை இப்போதும் மூடிவிட்டுத்தான் கதவைப் பூட்டுகிறோம். திரும்பி வந்து அதைத் திறந்தால், ஆத்தா உள்ளே போவதற்கு முன்னால் முகப்பிலிருந்தே கேட்பார்கள், "முள்ளு மூணுல இருக்கா தம்பி?"